ஆசியா பீபி வழக்கு: சட்டத்தைத் தொடாமல் வந்த விடுதலை

2018 அக்டோபர் கடைசி வாரம். 25-ஆம் தேதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஆஸ்திரியப் பெண் ஒருவருக்கு விதிக்கப்பட்ட 480 யூரோ அபராதம் சரிதான் என்று சொன்னது. நபிகள் நாயகத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கில் அவர் பேசிய பேச்சுக்குத்தான் அந்த அபராதம். மறுநாள் அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மத நிந்தனை குற்றம் என்ற வாசகத்தைத் தங்கள் அரசியலமைப்பிலிருந்து எடுத்துப் போட்டார்கள், கிட்டத்தட்ட 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 31-ஆம் தேதி பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனைக் கைதியாக எட்டு வருடம் கிடந்த ஆசியா பீபியை விடுதலை செய்தது.

ஒரே வாரத்தில் மூன்று முடிவுகள். 'மேற்கில் சுதந்திரம், கிழக்கில் அடக்குமுறை' என்று எளிதாகக் கோடு போடுகிறவர்களுக்கு இந்த வாரம் ஒத்துவராது: ஐரோப்பாவில் தண்டனை நிலைத்தது, பாகிஸ்தானில் ரத்தானது. மூன்றில் அதிகம் பேசப்பட்டது மூன்றாவதுதான், ஆனால் அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். காரணம், அதைப் 'பேச்சுரிமைக்குக் கிடைத்த வெற்றி' என்று பாராட்டுகிறவர்களும் சரி, 'வெளிநாட்டு நெருக்கடிக்குப் பணிந்த தீர்ப்பு' என்று திட்டுகிறவர்களும் சரி, அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தத் தீர்ப்பு மத நிந்தனைச் சட்டத்தின் மேல் கை வைக்கவே இல்லை. சாட்சி சொன்னவர்களின் வாக்குமூலத்தை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தது, அவ்வளவுதான்.

தோட்டத்தில் நடந்தது

பஞ்சாப் மாகாணம், நன்கானா சாஹிப் மாவட்டம், இட்டன்வாலி கிராமம். 2009 ஜூன் 14. ஃபால்சா என்ற சிறு பழத்தைப் பறிக்கக் கூலிக்கு வந்த பெண்கள் 25 பேருக்கு மேல் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் ஆசியா கிறிஸ்தவர். கூட வேலை பார்த்த சகோதரிகள் இருவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தபோது, கிறிஸ்தவர் கையால் வாங்கிக் குடிக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள், வாய்ச்சண்டை மூண்டது. இது ஆசியாவின் தரப்பு. அந்தச் சண்டையே நடக்கவில்லை, பல பெண்கள் முன்னால் அவராகவே நபியையும் குர்ஆனையும் இழிவாகப் பேசினார் என்பது சகோதரிகளின் தரப்பு.

அந்தச் சகோதரிகள் விஷயத்தைக் கிராமத்து இமாமிடம் கொண்டு போனார்கள். இமாமின் மனைவியிடம் குர்ஆன் ஓதக் கற்றவர்கள் அவர்கள். ஜூன் 19 அன்று ஊர்க் கூட்டம் கூடியது, அங்கே ஆசியா குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லி இமாம் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அதாவது சம்பவம் நடந்து ஐந்தாம் நாள். பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் நபி நிந்தனைக்கான பிரிவு 295-சி-யின் கீழ்.

2010 நவம்பர் 8 அன்று செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனையும் ஒரு லட்சம் பாகிஸ்தான் ரூபாய் அபராதமும் விதித்தது. 2014 அக்டோபர் 16 அன்று லாகூர் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடுவில், ஆசியாவைச் சிறையில் போய்ப் பார்த்து அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை அவருடைய பாதுகாவலரே 2011 ஜனவரி 4 அன்று இஸ்லாமாபாத்தில் சுட்டுக் கொன்றார். இரண்டு மாதத்தில் சிறுபான்மையினர் நல அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். 2016-இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த நாளில் அமர்வில் இருந்த ஒரு நீதிபதி விலகிக்கொண்டார், அதோடு இரண்டு வருடம் போய்விட்டது.

அந்தப் பிரிவில் என்ன இருக்கிறது

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1920-களில் லாகூரில் ஒரு பதிப்பாளர் நபியைப் பற்றி வெளியிட்ட நூலுக்காக வழக்கைச் சந்தித்தார். அப்போதிருந்த சட்டம் சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதைத்தான் தண்டித்தது, மறைந்த மதத் தலைவர் ஒருவரை இழிவுபடுத்துவது அதில் அடங்காது என்று சொல்லி லாகூர் உயர் நீதிமன்றம் 1927-இல் அவரை விடுவித்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பில் அதே ஆண்டு, மதத்தை இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் 295-ஏ பிரிவு பிறந்தது. பதிப்பாளரோ 1929-இல் குத்திக் கொல்லப்பட்டார். அந்த 295-ஏ இன்றும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தொடர்கிறது (இந்தியாவில் இப்போது புதிய சட்டத் தொகுப்பில் வேறு எண்ணில்). வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. அதிகபட்ச தண்டனையும் சிறைதான், மரணம் அல்ல.

1986-இல் ஜியா-உல்-ஹக் காலத்தில் சேர்க்கப்பட்ட 295-சி வேறு ரகம். நபியின் பெயரைப் பேச்சாலோ எழுத்தாலோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, சாடையாகக்கூட இழிவுபடுத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. நோக்கம் என்ற சொல்லே அந்தப் பிரிவின் வாசகத்தில் கிடையாது. 1990-இல் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம், ஆயுள் தண்டனை என்ற மாற்று வழி இஸ்லாத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அரசு குறித்த காலத்துக்குள் சட்டத்தைத் திருத்தாததால் 1991-இல் அந்தச் சொற்கள் செயலிழந்தன. ஆக, குற்றம் நிரூபணமானால் நீதிபதிக்குத் தேர்வு கிடையாது. சாடையாகச் சொன்ன ஒரு சொல்லுக்கும் திட்டமிட்டு அச்சிட்ட நூலுக்கும் ஒரே தண்டனை.

சட்டத்தை ஆதரிக்கிறவர்களின் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் ஒப்புக்குச் சேர்த்தால் அது நியாயமாக இருக்காது. முதல் வாதம்: ஒரு முஸ்லிமுக்கு நபி என்பவர் விவாதிக்க வேண்டிய ஒரு கருத்து அல்ல, தாய் தந்தையரைவிட நெருக்கமானவர், அவரை இழிவுபடுத்துவது கருத்துச் சொல்வதல்ல, காயப்படுத்துவது. இரண்டாவது வாதம் நடைமுறை சார்ந்தது: 1929-இல் நடந்ததைப் பாருங்கள், சட்டம் தண்டிக்காவிட்டால் ஊர் தண்டிக்கும், ஆகவே குற்றம் சாட்டப்பட்டவருக்கே சட்டம்தான் பாதுகாப்பு. முதல் வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தட்டிவிட முடியாது. அந்த உணர்வை மதிக்காத எந்த விவாதமும் அந்தச் சமூகத்துக்குள் எடுபடாது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கலாம், ஏனென்றால் சட்டம் வந்த பிறகும் கொலைகள் நிற்கவில்லை. இரண்டு கிறிஸ்தவர்களை இதே குற்றச்சாட்டிலிருந்து விடுவித்த லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி 1997-இல் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2017-இல் மர்தான் பல்கலைக்கழகத்தில் மஷால் கான் என்ற மாணவரைச் சக மாணவர் கும்பல் அடித்தே கொன்றது. சட்டம் கோபத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறதா, அல்லது 'இதற்கு மரணம்தான் தண்டனை' என்று அரசே சொல்லிக் கொடுத்து ஊரை முந்திக்கொள்ள விடுகிறதா? எனக்கு இரண்டாவதுதான் உண்மை என்று படுகிறது, ஆனால் சட்டத்தை நீக்கினால் மறுநாள் என்ன ஆகும் என்று கேட்கிறவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன்.

சாட்சிகளைப் பிரித்துப் பார்த்தபோது

தலைமை நீதிபதி சாகிப் நிசார், நீதிபதி ஆசிஃப் சயீத் கோசா, நீதிபதி மஸ்ஹர் ஆலம் கான் மியான்கெல் ஆகிய மூவர் அமர்வு. பிரதான தீர்ப்பு நிசார் எழுதியது, கோசா அதற்கு உடன்பட்டுத் தனியாகவும் எழுதினார். தீர்ப்பு இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவோடு தொடங்குகிறது, குர்ஆன் வசனங்கள் நிறைய வருகின்றன. இது அலங்காரம் இல்லை. 'நாங்கள் நபியின் கண்ணியத்தைக் குறைக்க வரவில்லை' என்று முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டிய நிலையில் அந்த மூவர் இருந்தார்கள்.

அப்புறம் வேலை தொடங்குகிறது. அரசுத் தரப்பின் வழக்கு இரண்டு தூண்களில் நின்றது: தோட்டத்தில் கேட்டதாகச் சொன்ன சகோதரிகளின் சாட்சியம் ஒன்று, ஊர்க் கூட்டத்தில் ஆசியா ஒப்புக்கொண்டார் என்பது மற்றொன்று.

கூட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். எத்தனை பேர் கூடினார்கள்? இமாம் சொன்னது நூறு பேர். இன்னொரு கிராமவாசி 200 முதல் 250 என்றார். சகோதரிகளில் ஒருவர் ஆயிரத்துக்கு மேல் என்றார், மற்றவர் இரண்டாயிரத்துக்கு மேல் என்றார். எங்கே கூடியது? ஒரு சகோதரி தன் அப்பா வீட்டில் என்கிறார், மற்றவர் பக்கத்து வீட்டில் என்கிறார், ஆண் சாட்சிகள் வேறொருவர் வீட்டைச் சொல்கிறார்கள், தோட்டக்காரர் இன்னுமொரு இடத்தைக் காட்டுகிறார். ஆசியாவை அங்கே யார் கூட்டி வந்தது, எப்படி வந்தார் என்பதிலும் ஒருவர் சொன்னது மற்றவரோடு ஒட்டவில்லை. மனிதர்களின் நினைவு பிசகும்தான், தலை எண்ணிக்கையில் பத்து இருபது கூடக் குறைய வரலாம். ஆனால் ஒரு கிராமத்தில் இரண்டாயிரம் பேர் கூடி, ஒரு பெண் உயிர் போகும் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி எந்த வீட்டில் நடந்தது என்பதில் அங்கேயே இருந்ததாகச் சொல்கிறவர்கள் முரண்பட்டால், அதை மறதி என்று விட்டுவிட முடியுமா? நீதிமன்றம் விடவில்லை. அப்படியே ஒப்புக்கொண்டிருந்தாலும், கோபத்தோடு சூழ்ந்து நிற்கும் கும்பலின் நடுவே ஒரு தனிப் பெண் சொன்னதைத் தானாக முன்வந்து சொன்ன ஒப்புதலாக எடுக்க முடியாது என்றது.

அடுத்தது ஐந்து நாள் தாமதம். விஷயம் கடுமையானது, அதனால் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் புகார் கொடுத்தோம் என்று புகார்தாரர் சொன்னார், உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, ஏனென்றால் குறுக்கு விசாரணையில் இமாம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டிருந்தார்: புகாரை எழுதிக் கொடுத்தது ஒரு வழக்கறிஞர். பெயரைச் சொல்ல அவரால் முடியவில்லை. யோசித்து, ஆலோசித்து, சட்டம் தெரிந்தவரை வைத்து எழுதிய புகார் என்றால் கலப்படத்துக்கு வாய்ப்பு உண்டு என்பது எந்தக் குற்ற வழக்கிலும் பார்க்கிற சாதாரண அளவுகோல்தான்.

தண்ணீர்ச் சண்டைக்கு வருவோம். சகோதரிகள் அது நடக்கவே இல்லை என்று சாதித்தார்கள். ஆனால் தோட்டக்காரரும் விசாரணை அதிகாரியும் நடந்தது என்றார்கள். வழக்கின் கணுவே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சண்டை நடந்தது என்றால் சாட்சிகளுக்கு முன்விரோதம் உண்டு என்றாகிறது, அதை மறைத்தார்கள் என்றால் அவர்கள் சொன்ன மற்றதையும் தனி ஆதாரம் இல்லாமல் நம்ப முடியாது. அந்தத் தனி ஆதாரம் கிடைப்பது கஷ்டமும் இல்லை. தோட்டத்தில் இருந்த மற்ற பெண்களில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் போதும். ஒருவர்கூடச் சாட்சிக் கூண்டு ஏறவில்லை.

உயர் நீதிமன்றம் இதற்கெல்லாம் எதிராக ஒரு முக்கியமான வாதத்தை வைத்திருந்தது. இழிவுச் சொற்களைக் கேட்டோம் என்று சகோதரிகள் சொன்ன அந்தப் பகுதியில் பிரதிவாதித் தரப்பு குறுக்கு விசாரணையே செய்யவில்லை, மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுக்க வேண்டும் என்றது. குற்ற வழக்கில் அந்த விதி செல்லாது, நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க அரசுத் தரப்புக்கே என்று உச்ச நீதிமன்றம் திருப்பியது. சட்டப்படி பதில் சரி. ஆனால் நம்மைப் போன்று வெளியிலிருந்து படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். இந்த வகை வழக்கில் பிரதிவாதியின் வக்கீல் 'அவர் சரியாக என்ன சொன்னார், சொல்லுங்கள்' என்று கேட்டால் அந்தச் சொற்கள் நீதிமன்றத்தில் இன்னொரு முறை ஒலிக்கும். அதைக் கேட்கத் துணிகிற வக்கீல் அபூர்வம். திருட்டு வழக்கில் திருடுபோன பொருளையே காட்டக் கூடாது என்று விதித்த மாதிரி. இது என் ஊகம்தான், தீர்ப்பில் இல்லை.

கோசா தன் தனித் தீர்ப்பில் யாரும் எதிர்பாராத ஒரு கோணத்தைத் தொட்டார். தோட்டத்தில் முதலில் அவமதிக்கப்பட்டது ஆசியாவின் மதமும் அவர் நம்பிய இயேசுவும்தான் என்பதை எடுத்துக்காட்டி, ஒருவரின் மதத்தை அப்படி இழிவு செய்ததும் நிந்தனைக்குக் குறைந்ததல்ல என்றார். சினாய் மலை மடத்துத் துறவிகளுக்கு நபி அளித்ததாகச் சொல்லப்படும் உடன்படிக்கையை மேற்கோள் காட்டினார். மனித உரிமை ஆவணங்களை வைத்துப் பேசியிருந்தால் அந்நியக் குரல் என்று தள்ளியிருப்பார்கள். அவர் மரபின் உள்ளேயிருந்தே கேட்டார்.

சர்வதேசச் சட்டம் எங்கே போனது

பாகிஸ்தான் குடிமை அரசியல் உரிமை உடன்படிக்கையை 2010-இல் ஏற்றது, ஆசியாவுக்குத் தூக்கு விதிக்கப்பட்ட அதே ஆண்டு. மரண தண்டனை மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டுமே என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. 2011-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு தன் 34-ஆம் பொது விளக்கவுரையில், மத நிந்தனைச் சட்டங்கள் உடன்படிக்கைக்கு முரணானவை, பகையையும் வன்முறையையும் தூண்டும் மத வெறுப்புப் பரப்புரையைத் தடுப்பது மட்டுமே விதிவிலக்கு என்றது. இந்தக் கண்ணோட்டத்தில் உரிமை என்பது மனிதருக்கு, மதத்துக்கு அல்ல. முஸ்லிம்களைத் தாக்கச் சொல்வது தடுக்கப்பட வேண்டும், இஸ்லாத்தை விமர்சிப்பது தடுக்கப்படக் கூடாது.

கேட்கத் தெளிவாக இருக்கிறது, ஆனால் ஐரோப்பாவே அந்தக் கோட்டில் நிற்கவில்லை. ஆரம்பத்தில் சொன்ன ஆஸ்திரிய வழக்கில் மத அமைதியைக் காப்பது அரசின் நியாயமான நோக்கம் என்று சொல்லித்தான் நீதிமன்றம் அபராதத்தை ஏற்றது. இதே நீதிமன்றம் 2022-இல் போலந்துப் பாடகி ஒருவர் பைபிளைப் பற்றிக் கிண்டலாகச் சொன்னதற்கு விதித்த அபராதத்தைத் தவறு என்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒரு முஸ்லிம் வாசகருக்கும் ஒரு மதச்சார்பற்ற வாசகருக்கும் வேறு வேறு சந்தேகங்கள் வரும், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அளவைப் பார்க்க மறக்கக் கூடாது: அங்கே 480 யூரோ, இங்கே தூக்கு.

பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதைக்கே போகவில்லை. 295-சி உடன்படிக்கைக்கு முரண் என்ற கேள்வியில் முடிவு சொல்லவில்லை. சாட்சியம் போதாது என்றாலே மேல்முறையீடு முடிந்துவிடும், சட்டத்தின் தகுதியைப் பேச வேண்டியதில்லை. கோழைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, சட்டத்தைத் தொட்டிருந்தால் அந்தப் பெண்ணின் விடுதலை கைநழுவிப் போயிருக்கலாம். ஆனால் விலை உண்டு. அடுத்த ஆசியாவின் வழக்கில் சாட்சிகள் ஒரே வீட்டைச் சொல்லி, ஒரே எண்ணிக்கையைச் சொன்னால் இந்தத் தீர்ப்பு அவருக்குக் கைகொடுக்காது.

மதத் துறப்பு இதில் எங்கே வருகிறது

பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் மதத்தை விட்டு வெளியேறுவது என்று ஒரு குற்றம் கிடையாது. ஆனால் ஏன் விட்டேன் என்று ஒருவர் வாய் திறந்து விளக்கினால், சாடைகூடக் குற்றமாகும் ஒரு பிரிவு காத்திருக்கிறது. நிந்தனைச் சட்டம் துறப்புச் சட்டத்தின் வேலையையும் சத்தமில்லாமல் பார்த்துவிடுகிறது.

மலேசியாவில் இதற்கு நேர் எதிர் வடிவம். அங்கே லீனா ஜாய் என்ற பெண் கிறிஸ்தவராக மாறித் தன் அடையாள அட்டையில் 'இஸ்லாம்' என்ற சொல்லை நீக்கக் கேட்டார். ஷரியத் நீதிமன்றத்தின் சான்று இல்லாமல் முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2007 மே 30 அன்று இரண்டுக்கு ஒன்று என்று முடிவு செய்தது. அவரை யாரும் தண்டிக்கவில்லை, கதவைத் திறக்கவும் இல்லை. 'வெளியேற அனுமதிக்க வேண்டியது நீ விட்டு வந்த அமைப்புதான்' என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். பாகிஸ்தானில் கேள்வி சாட்சியம், மலேசியாவில் கேள்வி எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்பது. இரண்டிலும் 'நம்பிக்கையை மாற்ற உரிமை உண்டா' என்ற கேள்வி மட்டும் சபையின் ஓரத்திலேயே நின்றது.

ஒரு சின்னத் துணுக்கு. 1948-இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 'மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம்' என்ற சொற்களுக்குச் சவூதி அரேபியா எதிர்ப்புத் தெரிவித்தது. குர்ஆனை வைத்தே அந்தச் சொற்களை ஆதரித்துப் பேசியவர் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான். அவர் அஹ்மதியா சமூகத்தவர். அந்தச் சமூகத்தை 1974-இல் அதே பாகிஸ்தானின் அரசியலமைப்புத் திருத்தம் முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவித்தது.

தீர்ப்புக்குப் பிறகு

சாலைகள் மறிக்கப்பட்டன. நீதிபதிகளைக் கொல்லச் சொல்லிப் பகிரங்கமாகவே பேசினார்கள். மூன்றாம் நாள் அரசு போராட்டக்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது, சீராய்வு மனுவுக்கு அரசு தடை சொல்லாது என்பது அதில் ஒன்று. ஆசியாவின் வக்கீல் சைஃபுல் மலூக் உயிருக்கு அஞ்சி நெதர்லாந்து போனார், சீராய்வு விசாரணைக்காகத் திரும்பி வந்தார். 2019 ஜனவரி 29 அன்று அந்த மனு தள்ளுபடியானது. அதற்குள் கோசாவே தலைமை நீதிபதி ஆகியிருந்தார். மே மாதம் ஆசியா கனடா போய்ச் சேர்ந்தார்.

சீராய்வு விசாரணையில் கோசா சாட்சிகளைப் பற்றியும் பேசினார். இது இவ்வளவு உணர்ச்சிகரமான வழக்காக இல்லாதிருந்தால் பொய்ச் சாட்சி சொன்னதற்காக அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்திருப்போம் என்ற பொருளில் அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, மரண தண்டனை வாங்கித் தரும் நோக்கத்தோடு பொய்ச் சாட்சி சொன்னால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்கிறது. 295-சிக்கு எதிர்ப்பக்கத்தில் அதே புத்தகத்தில் அது இருக்கிறது. இந்த வழக்கில் யாரும் அதைப் புரட்டவில்லை.